கால் வீக்கத்துக்கு இலைத் தேநீர்: ஒன்பது நாளில் சிறுநீரகம் தடுமாறிய ஒரு நிகழ்வு

67 வயதுப் பெண். எட்டு ஆண்டுகளாக ரத்த அழுத்தம். சர்க்கரை நோயோ இதய நோயோ கிடையாது. மாலையானால் இரண்டு கணுக்காலும் வீங்குகின்றன, செருப்பு வார் பதிந்த தடம் இரவு வரை மறைவதில்லை. ‘உடம்பில் நீர் கோத்திருக்கிறது’ என்று முடிவு செய்து, நெட்டில் இலையும் டான்டிலியன் இலையும் கலந்த தேநீரைத் தொடங்குகிறார். ஒன்பதாம் நாள் எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருகிறது. அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 2.1. நான்கு மாதத்துக்கு முன்பு அது 0.9 ஆக இருந்தது.

இவர் ஒரு தனி ஆள் அல்ல. இதுபோன்ற சிக்கல்களில் திரும்பத் திரும்பத் தென்படும் கூறுகளை ஒருவர்மேல் ஏற்றி அமைத்த நிகழ்வு இது. எண்கள் அத்தகைய நிலையில் வரக்கூடியவை. கணக்கு எங்கே தப்பியது என்று படிப்படியாகப் பார்க்க இந்த வடிவம் வசதி.

முதலில் செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நெட்டில் என்பது அர்ட்டிகா டயோய்க்கா. தொட்டால் அரிக்கும் என்பதால் இதைப் பலர் காஞ்சொறி என்று எழுதுகிறார்கள். காஞ்சொறி வேறு குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடி, ஒன்றின் அளவை மற்றதற்குப் பொருத்தக் கூடாது. டான்டிலியனில் சிறுநீர் பெருக்கப் பயன்படுவது இலை. வேர் பெரும்பாலும் செரிமானத்துக்கும் பித்தத்துக்கும் கொடுக்கப்படுவது. பொட்டலத்தில் ‘டான்டிலியன்’ என்று மட்டும் இருந்தால் எது என்று பார்த்தாக வேண்டும்.

வீக்கம் எங்கிருந்து வந்தது

அவருடைய மாத்திரைகள் இவை. காலையில், அழுத்தத்தைக் குறைக்கும் லோசார்டன் 50 மி.கி.யும் சிறுநீர் பெருக்கியான ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி.யும் சேர்ந்த ஒரே மாத்திரை. இரவில் அழுத்தத்துக்கே இன்னொன்று, அம்லோடிபின். அழுத்தம் சரியாகக் கட்டுப்படாததால் அம்லோடிபின் 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி.க்கு உயர்த்தப்பட்டு ஆறு வாரம் ஆகிறது. கால் வீங்கத் தொடங்கி நான்கு வாரம்.

இந்த இரண்டு தேதிகளையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தேநீருக்கே வேலை இருந்திருக்காது. அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது. சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. நுண்குழாய்க்குள் ரத்தம் வேகமாக வந்து சேர்கிறது, வெளியேறும் பக்கம் பழையபடியே இருக்கிறது. உள்ளே அழுத்தம் கூடி, நீர் திசுவுக்குள் கசிகிறது. புவியீர்ப்பு அதைக் கணுக்காலுக்கு இறக்குகிறது. அளவு கூடினால் வீக்கமும் கூடும்: மருந்து ஆய்வுகளில் 5 மி.கி. எடுத்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இருந்த வீக்கம், 10 மி.கி.யில் நூற்றுக்குப் பத்துப் பேரைத் தாண்டியது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது.

ஆக, இங்கே சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கவே இல்லை. குழாய் கசிகிறது, தொட்டி நிரம்பி வழியவில்லை. கசியும் குழாய்க்குத் தொட்டியை இறைப்பது மருந்தாகாது. சிறுநீர் பெருக்கி, அது மாத்திரையானாலும் இலையானாலும், இந்த வகை வீக்கத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. நீர் கால் திசுவிலிருந்து போவதற்கு முன் ரத்த ஓட்டத்திலிருந்து போய்விடுகிறது.

ஒன்பது நாள்

அவர் தேநீர் போட்ட முறை இது. ஒரு கோப்பைக்கு, அதாவது 200 மி.லி. கொதிநீருக்கு, குவித்து எடுத்த இரண்டு மேசைக்கரண்டி கலவை. மூடி வைத்துப் பதினைந்து நிமிடம். நாளைக்கு நான்கு கோப்பை. பின்னால் அதே கரண்டியால் அள்ளி எடை போட்டபோது கோப்பைக்கு 5 கிராம் வந்தது. அப்படியானால் நாளைக்கு 20 கிராம் காய்ந்த இலை. கரண்டிக் கணக்கில் இதுதான் தொல்லை. பொடிப்பொடியாக நறுக்கிய இலையும் சுருண்ட முழு இலையும் ஒரே கரண்டியில் ஒன்றுக்கு இரண்டு மடங்கு எடை வித்தியாசம் காட்டும்.

தேநீரோடு அவர் இன்னும் இரண்டு காரியம் செய்தார். நீர் கோத்திருக்கும்போது தண்ணீர் குடிப்பானேன் என்று வெறும் தண்ணீரை அரை லிட்டராகக் குறைத்தார். சாப்பாட்டில் உப்பைக் கிட்டத்தட்ட நிறுத்தினார். மூன்றாவதாக ஒன்று தானாக நடந்தது: முழங்கால் வலிக்கு ஐபுபுரூஃபன் 400 மி.கி., காலையும் இரவும், அதே வாரத்தில் தொடங்கியது. அதை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

முதல் இரண்டு நாளும் எல்லாம் நன்றாகப் போவதுபோலத் தெரிந்தது. சிறுநீர் அடிக்கடி போனது. எடை 61.2 கிலோவிலிருந்து 60.3-க்கு இறங்கியது. மூன்றாம் நாளிலிருந்து சிறுநீர் அளவு குறையத் தொடங்கியது, நிறம் அடர்ந்தது. ‘தேநீர் போதவில்லை’ என்று அவர் எடுத்துக்கொண்டார். ஆறாம் நாள் வாய் உலர்வு, இரவில் ஆடுசதைப் பிடிப்பு. ஒன்பதாம் நாள் காலை எடை 58.4.

இந்த இடத்தில் ஒரு அளவு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. முதல் நாள் மாலை அவர் தையல் நாடாவால் கணுக்காலைச் சுற்றி அளந்திருந்தார், 26 செ.மீ. எட்டாம் நாள் மாலை 25.5. உடம்பு 2.8 கிலோ இழந்திருக்கிறது, அதாவது ஏறக்குறைய அந்த அளவு லிட்டர் நீர். கால் அரை சென்டிமீட்டர்தான் இளைத்திருக்கிறது. எடை இறங்கி வீக்கம் இறங்கவில்லை என்றால், போவது வீக்கத்தின் நீர் அல்ல. வீட்டிலேயே தெரிந்துகொள்ளக்கூடிய இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

மருத்துவமனையில்

படுத்த நிலையில் ரத்த அழுத்தம் 124/72, நாடி 78. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 98/60, நாடி 104. நிற்கும்போது மேல் எண் 20-க்கு மேல் இறங்கி, நாடி இப்படி ஏறினால், குழாய்க்குள் ரத்த அளவு குறைந்துவிட்டது என்று பொருள். கிரியாட்டினின் 2.1, யூரியா 96 மி.கி., சோடியம் தாழ்ந்து 128, பொட்டாசியம் ஏறி 5.9. இசிஜியில் மாற்றம் இல்லை.

“அம்மா, மாத்திரை தவிர வேற என்ன எடுத்துக்கிறீங்க?”

“வேற ஒண்ணுமில்லீங்க டாக்டர்.”

“கஷாயம், பொடி, டீ, வலி மாத்திரை?”

“டீ குடிக்கிறேன். இலை டீதான், மருந்தில்லை. வலிக்கு மட்டும் அப்பப்போ ஒரு மாத்திரை.”

முதல் கேள்விக்கு வந்த பதிலோடு நிறுத்தியிருந்தால் காரணத்தில் பாதி மறைந்திருக்கும். ‘மருந்து’ என்ற சொல்லுக்குள் தேநீர் வருவதில்லை, கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரையும் வருவதில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

தேநீர், ஐபுபுரூஃபன், லோசார்டன்–தயசைடு மூன்றும் நிறுத்தப்பட்டன. அழுத்தம் தாழ்ந்திருந்ததால் அம்லோடிபினும் தற்காலிகமாக நின்றது. நரம்பு வழியாக சாதாரண உப்புநீர் மெதுவாக ஏற்றப்பட்டது. சோடியத்தை ஒரேயடியாகத் தூக்கினால் மூளைக்குக் கேடு. அதனால் 24 மணி நேரத்தில் 8 அலகுக்கு மேல் ஏறாதபடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொட்டாசியம் நான்கு மணி நேரத்தில் 5.3-க்கு இறங்கியது. மூன்றாம் நாள் கிரியாட்டினின் 1.2, பத்தாம் நாள் 0.95.

பிறகு அம்லோடிபின் 5 மி.கி.யாக மட்டும் திரும்பி வந்தது. லோசார்டன், சிறுநீரக அளவுகள் நேரான பிறகு தயசைடு இல்லாமல் தனியாகத் தொடங்கப்பட்டது. இரண்டு வாரத்தில் கணுக்கால் 23 செ.மீ. ஒரு இலையும் இல்லாமல்.

பழி யார்மேல்

தேநீர்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று எழுதுவது எளிது. அது நியாயமான கணக்கு அல்ல.

டான்டிலியன் இலை மனிதர்களில் என்ன செய்கிறது என்பதற்குள்ள சான்று மிகச் சிறியது. 2009-இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில் 17 பேர், ஒரே நாள், பச்சிலைச் சாறு 8 மி.லி. வீதம் மூன்று வேளை. முதல் வேளைக்குப் பின் சிறுநீர் கழிக்கும் தடவை கூடியது. இரண்டாவதற்குப் பின், குடித்த அளவோடு ஒப்பிட்ட வெளியேற்றம் கூடியது. மூன்றாவதற்குப் பின் மாற்றம் எதுவும் தெரியவில்லை. அது சாராயத்தில் எடுத்த சாறு, தேநீர் அல்ல. எனவே இலைக்கு லேசான, குறுகிய நேர விளைவு இருக்கக்கூடும் என்பது வரைதான் சொல்ல முடியும். நெட்டில் இலைக்கும் நிலைமை பெரிதாக வேறல்ல. தவிர, கோப்பை கோப்பையாக வெந்நீர் குடித்தாலே சிறுநீர் பெருகும்.

அப்படியானால் 2.8 கிலோ எப்படிப் போனது? இங்கே சிறுநீரகத்தின் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வடிகட்டும் முடிச்சு ஒவ்வொன்றுக்கும் ஒரு நுழைவுக் குழாய், ஒரு வெளியேற்றக் குழாய். ரத்த வரவு குறையும்போது நுழைவை விரித்தும் வெளியேற்றத்தை இறுக்கியும் சிறுநீரகம் வடிகட்டும் அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். லோசார்டன் வெளியேற்றக் குழாயை இறுக விடாது. ஐபுபுரூஃபன் நுழைவுக் குழாயை விரிய விடாது. தயசைடு உப்பை வெளியேற்றி வரவையே குறைக்கிறது. அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கி, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் வரும் இந்தச் சிக்கல் மருத்துவர்களுக்கு நன்கு பழகியது. தயசைடை அவர் பல ஆண்டுகளாகப் பிரச்சினை இல்லாமல் எடுத்துவந்தார். காரணம், போகும் உப்புக்கு ஈடாகச் சாப்பாட்டில் உப்பு வந்துகொண்டிருந்தது. அந்த வரவை அவர் அடைத்தார். அடைத்த நேரத்தில் மேலும் ஒரு சிறுநீர் பெருக்கியைத் திறந்துவிட்டார். தேநீர் கடைசித் தள்ளு. அதைவிடக் கனமானவை உப்பு நிறுத்தமும் ஐபுபுரூஃபனும்.

‘தேநீர், தண்ணீர் சேர்த்து நாளைக்கு ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடித்தேனே, எப்படி வறட்சி வரும்?’ என்று கேட்கத் தோன்றும். சோடியம் 128 அதற்குப் பதில் சொல்கிறது. ரத்தக் குழாய்க்குள் நீரை நிறுத்தி வைப்பது உப்பு. உப்பு போய்விட்டால் குடித்த நீர் அங்கே தங்காது, இருக்கும் நீரும் நீர்த்துப் போகும். தாகம் பெரிதாக எடுக்காமலேயே இந்த வறட்சி வரலாம். வயதானவர்களில் தாக உணர்வு ஏற்கெனவே மங்கியிருக்கும்.

பொட்டாசியக் கணக்கிலும் இதே பாடம்தான். காய்ந்த டான்டிலியன் இலையில் பொட்டாசியம் நான்கு சதவீதம் வரை இருக்கும் என்பது பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. ‘மாத்திரை பொட்டாசியத்தைப் போக்கும், இது ஈடுசெய்யும்’ என்பார்கள். இவருடைய 20 கிராமில் பாதி டான்டிலியன். முழுவதும் நீரில் இறங்கினாலும் 400 மி.கி. நெட்டிலிலும் அதே அளவு என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 800 மி.கி., அதாவது இரண்டு வாழைப்பழம். நல்ல சிறுநீரகத்துக்கு இது தூசு. ஆனால் லோசார்டன் பொட்டாசியம் வெளியேறும் வழியை ஏற்கெனவே சற்று ஒடுக்கியிருக்கிறது, ஐபுபுரூஃபன் மேலும் ஒடுக்கியது, வடிகட்டலே பாதிக்குக் கீழே விழுந்துவிட்டது. வெளி வாசல் மூடிய வீட்டில் இரண்டு வாழைப்பழமும் கணக்கில் வரும். பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்களுக்கும், சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்த ‘குறைந்த சோடியம் உப்பு’ பயன்படுத்துபவர்களுக்கும் இந்தக் கணக்கு இன்னும் வேகமாக மோசமாகும்.

லித்தியம் என்றால் பேச்சே இல்லை

மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குக் கொடுக்கப்படும் லித்தியத்தை இவர் எடுத்துக்கொண்டிருந்தால் கதை வேறு விதமாக முடிந்திருக்கும். சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. உப்பு குறையும்போது சோடியத்தைப் பிடித்து இழுக்கும் அதே கை லித்தியத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. 2001-இல் ஒரு அமெரிக்க உளமருத்துவ இதழில் பதிவான நிகழ்வு இது: 26 வயதுப் பெண், லித்தியத்தில் நிலையாக இருந்தவர், உடல் எடை குறைக்க மூலிகைச் சிறுநீர் பெருக்கி ஒன்றை இரண்டு மூன்று வாரம் எடுத்தார். அதில் மக்காச்சோள நார், குதிரைவால் செடி, ஜூனிபர், பார்ஸ்லி போன்றவை கலந்திருந்தன. குமட்டல், வயிற்றுப்போக்கு, தள்ளாடும் நடை, நடுக்கம், அரைத்தூக்கம். ரத்தத்தில் லித்தியம் 4.5. பொதுவாக வைத்திருக்க வேண்டிய அளவு ஒன்றை ஒட்டியது. லித்தியம் எடுப்பவர் எந்தச் சிறுநீர் பெருக்கித் தேநீரையும் தொடக் கூடாது, ‘கொஞ்சமாக’ என்பதும் இதில் கிடையாது.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் இன்னொரு காரணத்துக்காகக் கவனிக்க வேண்டும். இரண்டு இலையிலும் வைட்டமின் கே ஏராளம், அது வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும். ஆனால் வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, வெந்நீரில் மிகக் குறைவாகவே இறங்கும். வடிகட்டிய தேநீரைவிட, இலையைப் பொடியாக விழுங்குவதும் கீரைபோலச் சமைத்துச் சாப்பிடுவதும்தான், வார்ஃபரினின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஐஎன்ஆர் அளவைக் கீழே இழுக்கும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் தாங்களே நீரை வெளியேற்றுபவை. அவற்றோடு இந்தத் தேநீர் சேர்ந்தால் வறட்சி இரட்டிப்பு வழியில் வரும்.

கலவைப் பொட்டலங்களில் இனிப்புக்காக அதிமதுரம் சேர்த்திருப்பார்கள். இது ஒரு வேடிக்கை. அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். நீர் போக்குவதற்கென்று விற்கும் பொட்டலத்துக்குள் நீர் சேர்ப்பது உட்கார்ந்திருக்கிறது. இதய மருந்தான டிகாக்சின் எடுப்பவருக்கு அந்தப் பொட்டாசிய இறக்கம் இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

தேநீர் போடும் முன்

வீக்கத்தை முதலில் இனம் பிரிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் சிரையில் ரத்தக் கட்டி இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரவில் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது என்றால் இதயம். காலையில் கண்ணிமை வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகம். இந்த மூன்றிலும் தேநீர் நேரத்தை வீணாக்கும். இவை எதுவும் இல்லாமல் இரண்டு காலும் மாலையில் மட்டும் வீங்கினால், மருந்துப் பட்டியலை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ‘கடந்த மூன்று மாதத்தில் எது புதிது, எதன் அளவு கூடியது’ என்ற ஒரே கேள்வியைக் கேட்பது போதும். அம்லோடிபின் போலவே வலி மாத்திரைகளும், ஸ்டீராய்டும், பிரகாபலினும், பியோகிளிட்டசோனும் கால் வீக்கம் தரும். அழுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது, அளவை மாற்றுவது மருத்துவர் வேலை.

தொடர் மருந்து எதுவும் இல்லாத, சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருக்கும் ஒருவர், கர்ப்பமோ பாலூட்டலோ இல்லாதவர், மாதவிடாய்க்கு முன் வரும் உப்பசத்துக்குச் சில நாள் குடித்துப் பார்ப்பது வேறு விஷயம். அப்போதும் கரண்டியை நம்பாமல் தராசில் இலையை 2 கிராம் எடுத்து, 200 மி.லி. கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, காலையிலும் பிற்பகலிலும் ஒவ்வொரு கோப்பை. ஒரு நேரத்தில் ஒரே செடி, அப்போதுதான் ஒத்துக்கொள்ளாதது எது என்று தெரியும். சாமந்தி வகைப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கும், பித்தநாளத்தில் கல்லோ அடைப்போ உள்ளவருக்கும் டான்டிலியன் வேண்டாம். வழக்கமான தண்ணீரையும் சாப்பாட்டு உப்பையும் அந்த நாட்களில் குறைக்கக் கூடாது. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

கணக்கு வைக்க ஒரு எடை இயந்திரமும் நாடாவும் போதும். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை. மாலையில் கணுக்கால் எலும்புக்கு மேல் ஒரே இடத்தில் சுற்றளவு. எடை ஒரு கிலோவுக்கு மேல் இறங்கியும் நாடா அசையவில்லை என்றால், அல்லது நாள் முழுக்க சிறுநீர் மூன்று முறைக்கும் குறைவாக, அடர்ந்த நிறத்தில் போனால், அடுத்த கோப்பையைப் போடாமல் நிறுத்திவிட்டு கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். எழும்போது தலை சுற்றினாலும், நெஞ்சு படபடத்தாலும், தசை தளர்ந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது தேநீர்ப் பொட்டலத்தையும் வலி மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போனால், கேள்வி கேட்கும் நேரம் மிச்சம்.